தறிச் சத்தம்

சங்கரன்கோவிலில் ஒரு சின்ன கிளினிக். டோக்கன் 17.

முத்துமாரி கட்டிலில் படுத்தாள். 14-வது வாரம். போன தடவை 9-வது வாரத்திலேயே கலைந்துவிட்டது. அந்தப் பயம் இன்னும் நெஞ்சை விட்டு இறங்கவில்லை. அம்மா தலைமாட்டில் நின்று அவள் விரல்களைப் பிடித்துக்கொண்டாள்.

டாக்டரம்மா அடிவயிற்றில் ஜெல் தடவினார். ஜில்லென்றது. டாப்ளரை வைத்ததும் கரகரவென்று இரைச்சல். அப்புறம் நிதானமாக ஒரு துடிப்பு.

"இதுவா டாக்டர்?"

"இது உன் நாடிம்மா. கொஞ்சம் பொறு."

கருவி ஒரு விரற்கடை நகர்ந்தது. மறுபடி இரைச்சல். முத்துமாரி மூச்சை அடக்கிக்கொண்டாள்.

டக்டக் டக்டக் டக்டக்...

"கேக்குதா? 152. நல்லாத் துடிக்குது உன் பிள்ளை."

சின்ன வயதில் அப்பாவின் விசைத்தறி ஓடினால்தான் அவளுக்குத் தூக்கம் வரும்.

"எம்மா, நம்ம தறி ஓடுத மாதிரியே இருக்குல்லா?"

அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பேச்சு வரவில்லை.

"டாக்டர், இன்னும் ஒரு நிமிஷம் வைங்களேன். அவுக திருப்பூர்ல இருக்காக. போன்ல கேக்கட்டும்."

டாக்டரம்மா சிரித்தபடி தலையாட்டினார். முத்துமாரி போனை வயிற்றருகே பிடித்தாள்.

"அலோ... அலோ..." என்றான் அவன். அப்புறம் அந்தப் பக்கம் சத்தமே இல்லை.