விடுப்புக் கடிதம்

நாள்: 14.07.2025

அனுப்புநர்
க. செல்வி,
(7-ஆம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவன் செ. முகிலனின் தாய்)

பெறுநர்
தலைமையாசிரியர் அவர்கள்,
உயர்நிலைப் பள்ளி.

மதிப்பிற்குரிய ஐயா,

பொருள்: காய்ச்சல் காரணமாக மகன் 07.07.2025 முதல் 11.07.2025 வரை பள்ளிக்கு வராதது – மருத்துவ விடுப்பு வேண்டுதல் – தொடர்பாக.

வணக்கம். என் மகன் முகிலனுக்கு 06.07.2025 ஞாயிற்றுக்கிழமை மாலை காய்ச்சல் கண்டது. இரவில் 102 டிகிரி வரை ஏறியதால் மறுநாள் காலை மருத்துவரிடம் அழைத்துச் சென்றோம். அன்றே வகுப்பாசிரியரிடம் தொலைபேசியில் தெரிவித்துவிட்டேன். ஆயினும் எழுத்து வடிவில் தங்களிடம் தரவேண்டும் என்பதால் இக்கடிதம்.

இரத்தப் பரிசோதனையில் டெங்கு இல்லை என்று தெரிந்தது. இது வைரஸ் காய்ச்சல்தான், மாத்திரையுடன் ஓய்வும் நீர் ஆகாரமும் போதும் என்றார் மருத்துவர். காலையில் காய்ச்சல் தணிவதும், "நான் பள்ளிக்குப் போகிறேன்" என்று இவன் பையை எடுப்பதும், மாலையானால் மறுபடி உடம்பு கொதிப்பதுமாக வியாழக்கிழமை வரை கழிந்தது. மாத்திரை இல்லாமலே ஒரு முழு நாள் காய்ச்சல் வராமல் இருந்தால்தான் பள்ளிக்கு அனுப்பலாம் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். அவன் பக்கத்தில் அமரும் பிள்ளைகளுக்கும் தொற்றிவிடக் கூடாது அல்லவா? சனிக்கிழமை முதல் காய்ச்சல் இல்லை. எனவே இன்று அனுப்புகிறேன்.

மேற்கண்ட ஐந்து நாள்களையும் மருத்துவ விடுப்பாகக் கருதி வருகைப் பதிவேட்டில் குறிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். மருத்துவச் சான்றிதழை இத்துடன் இணைத்துள்ளேன்.

புதன்கிழமை நடந்த கணக்குப் பாட அலகுத் தேர்வை அவன் எழுதவில்லை. மறுதேர்வு வைக்க இயலுமா என்பதைக் கணித ஆசிரியரிடம் கேட்டுச் சொன்னால் உதவியாக இருக்கும். தேர்வு வைக்க இயலாவிட்டாலும், அன்று நடத்திய கணக்குகளை வீட்டில் போட்டுப் பார்க்கச் செய்கிறேன். விடுபட்ட பாடங்களை நண்பனின் நோட்டைப் பார்த்து எழுதத் தொடங்கிவிட்டான். முடிக்க இந்த வார இறுதிவரை ஆசிரியர்கள் அவகாசம் தரவேண்டும்.

இன்னொரு வேண்டுகோள். உடல் இன்னும் முழுதாகத் தேறவில்லை, படியேறினாலே களைக்கிறான். இந்த ஒரு வாரம் விளையாட்டு வகுப்பில் அவனை ஓட விட வேண்டாம். கால்பந்தைக் கண்டால் தனக்கு ஒன்றுமே இல்லை என்று சாதிப்பான். அவன் பேச்சை நம்ப வேண்டாம் என்று உடற்கல்வி ஆசிரியரிடம் தெரிவிக்கும்படி வேண்டுகிறேன். காய்ச்சிய நீர் கொடுத்தனுப்பியிருக்கிறேன். இடையிடையே குடிக்க வகுப்பில் அனுமதி வேண்டும்.

மறுபடி சோர்வோ காய்ச்சலோ தெரிந்தால் பள்ளி நாட்குறிப்பில் உள்ள என் எண்ணுக்கு அழைக்கச் சொல்லுங்கள். உடனே வந்து அழைத்துச் செல்கிறேன்.

நன்றி.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
க. செல்வி

இணைப்பு: மருத்துவச் சான்றிதழ் – 1