தனலட்சுமி அக்காவுக்கும் நம்ம குரூப்பில் இருக்கும் எல்லோருக்கும்

அக்கா, வணக்கம். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இதற்கு நீங்கள் பதில் போட வேண்டியதில்லை. கொஞ்சம் நீளமாக எழுதியிருக்கிறேன். படிக்கக் கண் வலித்தால் போனைக் கீழே வைத்துவிடுங்கள். பொறவு பார்த்துக்கொள்ளலாம்.

குரூப்பில் மற்றவர்களுக்கு: செக்கிங் தனலட்சுமி அக்கா மேலுக்கு முடியாமல் ஆஸ்பத்திரியில் சேர்ந்திருக்கிறார். கொஞ்ச நாளைக்கு வேலைக்கு வர மாட்டார். டாக்டர்கள் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள், வீட்டு ஆட்கள் கூடவே இருக்கிறார்கள். இந்த அளவுக்குச் சொல்லலாமா என்று வீட்டில் கேட்டு, அக்காவும் சரி என்ற பிறகுதான் எழுதுகிறேன். இதற்கு மேல் எனக்குத் தெரிந்ததையும் நான் சொல்லப்போவதில்லை. தயவுசெய்து தனியாகப் போன் செய்தும் கேட்காதீர்கள்.

அக்கா, இனி உங்களுக்கு.

நீங்கள் இல்லாத செக்கிங் டேபிள் பார்க்கவே என்னவோபோல் இருக்கிறது. ஆடிக் காற்று ஜன்னல் வழியாக வந்து பீஸை எல்லாம் தூக்குகிறது. நீங்கள் பலகையை இழுத்து மறைப்பீர்கள் இல்லையா, அது நீங்கள் செய்துகொண்டிருந்த வேலை என்றே இத்தனை வருஷமாக எங்களுக்குத் தெரியவில்லை. திங்கட்கிழமை பாதிப் பீஸ் கீழே கிடந்த பிறகுதான் தெரிந்தது. இப்போது காலையில் வந்ததும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துப் பலகையை இழுத்துவிடுகிறோம்.

நீங்கள் கேட்க நினைப்பது எனக்குத் தெரியும். அந்த ஆர்டர் பாஸ் ஆகிவிட்டது. 5,000 பீஸ் லாட், 200 பீஸ் எடுத்துப் பார்த்தார்கள். பழுது 10 வரை விடுவார்கள், நமக்கு 4தான் வந்தது. ஊசி ஓட்டை ஒன்றுகூட இல்லை. புதுசாக வந்த பிள்ளைகள் இரண்டு பேரும் நீங்கள் காட்டிக்கொடுத்த மாதிரியே பனியனுக்குள் கையை விட்டு, டியூப் லைட்டுக்கு நேராக விரித்துப் பிடித்துப் பார்க்கிறார்கள். கழுத்துப் பட்டி, தோள், பக்கத் தையல், கடைசியில் அடி மடிப்பு. அந்த வரிசை மாறவில்லை. அதில் ஒரு பிள்ளை, ஸ்டிக்கர் ஒட்டும்போது உங்களைப் போலவே "இங்க பாரு சாமி" என்று பனியனிடம் பேசுகிறாள். கேட்டதும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. லாட் தூத்துக்குடிக்கு லாரி ஏறியாகிவிட்டது. அதைப் பற்றி இனி நினைக்காதீர்கள்.

லீவைப் பற்றியும் வெசனம் வேண்டாம். இ.எஸ்.ஐ.யில் உடம்பு சரியில்லாத நாட்களுக்கு வருஷத்துக்கு 91 நாள் வரைக்கும் சம்பளத்தில் 70 சதவீதம் கிடைக்கும். அதற்கு ஆறு மாதத்தில் 78 நாளாவது சந்தா கட்டியிருக்க வேண்டும். நோம்பிக்குக்கூட அரை நாள் லீவு எடுத்து மதியம் வந்து நிற்கிற ஆள் நீங்கள், உங்களுக்கு அந்தக் கணக்கு இடிக்காது. சர்டிபிகேட் விஷயத்தை ஆபீஸில் ஒரே ஒருவர் பார்த்துக்கொள்கிறார். வீட்டிலிருந்து கவரில் போட்டு ஒட்டிக் கொடுத்தால் போதும். அதில் என்ன எழுதியிருக்கிறது என்பது எங்கள் யாருக்கும் தெரிய வேண்டியதில்லை.

அப்புறம் குரூப்புக்கு இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

நம்ம ஊர்ப்பக்கம் ஒருத்தருக்கு முடியவில்லை என்றால் ஒரு எட்டுப் போய்ப் பார்த்துவிட்டு வந்தால்தான் மனசு ஆறும். ஆப்பிள், ஹார்லிக்ஸ் பாட்டிலோடு ஞாயிற்றுக்கிழமை வேன் பிடித்துக் கிளம்புகிறவர்கள் நாம். அது பாசம்தான், யாரும் தப்பு சொல்ல முடியாது. ஆனால் இந்தத் தடவை போக வேண்டாம். எந்த ஆஸ்பத்திரி என்று விசாரிக்கவும் வேண்டாம். அக்கா கேட்டுக்கொண்டது இது ஒன்றைத்தான். வரலாம் என்று வீட்டில் சொல்லும் நாளில் நானே இங்கே எழுதுகிறேன். அன்றைக்கு எல்லோரும் போகலாம், ஒறம்பரையாட்டம் உட்கார்ந்து பழமை பேசலாம்.

நான் இதை இவ்வளவு அழுத்திச் சொல்ல ஒரு காரணம் உண்டு. வேறொரு கம்பெனியில் வேலை செய்தபோது நானும் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தேன். பார்க்க வந்தவர்களில் ஒருவர் அன்பாகத்தான் ஒரு போட்டோ எடுத்தார். கையில் டிரிப்ஸ் ஏறுகிறது, தலைமுடி கலைந்து கிடக்கிறது, மேலே பாதிப் போர்வை. கீழே "சீக்கிரம் குணமாக வேண்டுவோம்" என்று எழுதிக் குரூப்பில் போட்டார். அங்கிருந்து இன்னொரு குரூப், அப்புறம் இன்னொன்று. பயந்துவிடுவார் என்று நான் சொல்லாமல் வைத்திருந்த விஷயம், காங்கேயத்தில் இருக்கும் என் அம்மாவுக்குப் பக்கத்து வீட்டுக்காரர் போனில் அந்தப் போட்டோவாகப் போய்ச் சேர்ந்தது. அம்மா கட்டிய சேலையோடு ராத்திரி பஸ் ஏறி வந்தார். உடம்பு தேறி வேலைக்குத் திரும்பிய பிறகும் கேன்டீனில் ஆளாளுக்கு ஒரு நோயின் பேரைச் சொல்லி, அதுதானா என்று கேட்டார்கள். ஊசி குத்திய வலி மறந்துபோச்சு, அந்தக் கேள்வி மட்டும் இன்னும் மறக்கவில்லை.

அதனால் அக்காவுக்கு என்ன, ஏது என்று இங்கே யாரும் ஊகித்து எழுத வேண்டாம். யாராவது கேட்டால் "உடம்பு சரியில்லை, லீவில் இருக்கிறார்" என்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். இந்த மெசேஜையும் வேறு குரூப்புக்கு அனுப்பாதீர்கள். கை வைத்தியக் குறிப்பும் வேண்டாம். எங்கள் வீட்டுக் கொள்ளு ரசத்தின் மேல் எனக்கும் நம்பிக்கை உண்டு, ஆனாலும் டாக்டர் சொல்லும் பத்தியம்தான் இப்போது அக்காவுக்கு.

பணம் கொடுக்க நினைப்பவர்கள் அக்கவுண்ட்ஸில் இருக்கும் கவரில் போட்டுவிடுங்கள். பேர், தொகை எழுதும் லிஸ்ட் வைக்கவில்லை. இருபது ரூபாயோ இரண்டாயிரமோ, போட்டவருக்கு மட்டும் தெரிந்தால் போதும். வீட்டுக்குச் சாப்பாடு கொண்டுபோகும் பொறுப்பை அதே வீதியில் இருக்கும் ஒருவர் ஏற்றுக்கொண்டிருக்கிறார். முறை வைத்துச் சமைக்க விருப்பம் உள்ளவர்கள் என்னிடம் சொல்லுங்கள். அரிசிம்பருப்பும் ரசமும் போதும், பெரிதாக எதுவும் வேண்டாம். சென்னிமலை ஏறுகிறவர்கள் அக்கா பேரைச் சொல்லி ஒரு விளக்குப் போடுங்கள். என்ன வேண்டுதல் என்று முருகனிடம் விவரம் சொல்ல வேண்டுமா என்ன?

அக்கா, கடைசியாக ஒன்று. பதினேழு வருஷமாக எங்கள் எல்லோருடைய பிள்ளைப்பேறு, காது குத்து, காய்ச்சல், தலைவலி என்று எல்லாவற்றுக்கும் முன்னால் வந்து நின்றவர் நீங்கள். இப்போது ஒருவர் உங்களுக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுத்தால் கூச்சப்படாமல் வாங்கிக் குடியுங்கள். வலித்தால் வலிக்கிறது என்று நர்ஸிடம் சொல்லுங்கள், பல்லைக் கடித்துக்கொண்டு கிடக்காதீர்கள். தூக்கம் வந்தால் தூங்குங்கள். எத்தனை நாள் ஆகும் என்று நாங்கள் கேட்க மாட்டோம். திரும்பி வரும்போது எதைச் சொல்ல வேண்டும், யாரிடம் சொல்ல வேண்டும் என்பதெல்லாம் உங்கள் இஷ்டம். ஒன்றுமே சொல்லாமல் வந்து டேபிளில் உட்கார்ந்தாலும் எங்களுக்குச் சந்தோஷம்தான்.

பிடியில் சிவப்பு நூல் சுற்றிய உங்கள் கட்டரை யாரும் தொடவில்லை. கண்ணாடிக் கூட்டோடு சேர்த்து டிராயரில் வைத்துப் பூட்டிவிட்டேன். சாவி என்னிடம் பத்திரமாக இருக்கிறது.

அன்போடு,
செல்வி, பேக்கிங்