செம்பனை ஆலை வேலை பற்றி எங்கள் மாணவர்களிடம் பேச அழைப்பு – ஜூலை 18, சனிக்கிழமை

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். என் பெயர் சுகன்யா. பெஸ்தாரி ஜெயாவில் இயந்திரவியல் டிப்ளோமா இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். எங்கள் கல்லூரி இந்திய மாணவர் கழகத்தின் செயலாளர். மார்ச் மாதம் 20 பேர் உங்கள் ஆலையைப் பார்க்க வந்தோமே, அன்று "பாய்லருக்கு விறகு எங்கிருந்து வாங்குகிறீர்கள்?" என்று கேட்டவள் நான்தான். நீங்கள் சிரித்துவிட்டு, நாரும் கொட்டை ஓடுமாக ஒரு கை அள்ளிக் காட்டி, "பிழிந்த சக்கைதான் அடுத்த குலையை வேக வைக்குது" என்றீர்கள். அந்தக் கை நிறைய நாரைப் பற்றி இன்னும் பேசிக்கொண்டிருக்கிறோம்.

வரும் ஜூலை 18, சனிக்கிழமை காலை 10 மணிக்கு எங்கள் கழகக் கூட்டத்தில் நீங்கள் வந்து பேச வேண்டும். கேட்கத்தான் இந்த மின்னஞ்சல்.

ஏன் உங்களை அழைக்கிறோம் என்று சொல்லிவிடுகிறேன். எங்கள் உறுப்பினர்களில் பெரும்பாலோர் தோட்டத்துப் பிள்ளைகள். தாத்தா பாட்டி பால்மரம் வெட்டியவர்கள், அப்பா குலை வெட்டுபவர் அல்லது லாரி ஓட்டுபவர். ராத்திரி காற்றில் வரும் வாடையை வைத்தே ஆலை ஓடுகிறதா இல்லையா என்று சொல்லிவிடுவோம். ஆனால் எங்களுக்குத் தெரிந்த ஆலை கேட்டோடும் எடைமேடையோடும் முடிந்துவிடுகிறது. "ஆலைக்கு வேலைக்குப் போகிறேன்" என்று வீட்டில் வாயைத் திறந்தால், "நாங்கள் பட்டது போதாதா, நீயுமா?" என்பதுதான் பதில். என் அம்மாவும் அப்படித்தான். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. அவர் பார்த்த வேலை வேறு. லயத்து வீட்டில் வளர்ந்து, ஸ்டீம் இன்ஜினியர் சான்றிதழ் எடுத்து, இன்று ஆலை நிர்வாகியாக இருக்கும் நீங்கள் அந்தக் கேள்விக்கு என்ன சொல்வீர்கள் என்று கேட்க ஆசை. வேண்டாம் என்பதுதான் உங்கள் பதில் என்றாலும் சரி, அதையும் கேட்டுக்கொள்கிறோம்.

ஊக்கப் பேச்சு வேண்டாம், ஐயா. போன தவணையில் ஒருவர் வந்து ஒன்றரை மணி நேரம் கனவு காணச் சொன்னார். பாதிப் பேர் உண்மையாகவே கண்டார்கள். உங்களிடம் நாங்கள் கேட்பது வேலையின் உள்விவரம். வெட்டிய குலையை 24 மணி நேரத்துக்குள் வேக வைக்கப் பார்க்க வேண்டும், அடிபட்ட பழத்தில் அமிலம் ஏறினால் எண்ணெயின் தரம் போய்விடும் என்றீர்கள். சரி, மழையில் லாரி சிக்கி, குலை வந்து சேராத நாளில் என்ன செய்வீர்கள்? நள்ளிரவில் பாய்லரை நிறுத்த வேண்டி வந்தால் யாரை எழுப்புவீர்கள்? சான்றிதழ் தேர்வில் எது கஷ்டம்? இப்படி ஒரு பக்கம் கேள்வி எழுதி வைத்திருக்கிறோம்.

இன்னொன்று. இந்த நாட்டில் செம்பனையை வணிகத்துக்காக முதலில் நட்டது 1917-இல், நம் வட்டாரத்துத் தென்னமரம் தோட்டத்தில்தான். பெயர் தென்னமரம், நட்டது செம்பனை! இவ்வளவு பக்கத்தில் இருந்தும் எங்கள் பாடத்தில் ஆலையைப் பற்றி ஒரு அத்தியாயம்கூட இல்லை.

நீங்கள் 40 நிமிடம் பேசினால் போதும். அப்புறம் கேள்வி நேரம். 11.30-க்கு முடித்துவிடுவோம். சுமார் 60 பேர் வருவார்கள். எங்கள் வகுப்பு மலாய் நண்பர்கள் சிலரும் வர விரும்புகிறார்கள். அதனால் தமிழில் பேசிவிட்டு, இயந்திரம் பற்றிய பகுதியை மட்டும் கொஞ்சம் மலாயிலும் சொன்னால் நன்றாக இருக்கும். ஸ்லைடு கட்டாயமில்லை. புரொஜெக்டர் உண்டு; மைக்கைத்தான் நம்ப முடியாது.

கழகத்தில் பேச்சாளருக்குக் கட்டணம் கொடுக்க வசதி இல்லை என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். பெட்ரோல், டோல் செலவைத் தருவோம். மதியச் சாப்பாடு எங்களோடு, வாழை இலையில். நிறுவனத்தின் அனுமதிக்குக் கடிதம் தேவைப்பட்டால் எங்கள் ஆலோசகர் விரிவுரையாளர் கல்லூரி முத்திரையோடு உடனே அனுப்பிவைப்பார்.

அன்று முடியாவிட்டால் ஜூலை 25 அல்லது ஆகஸ்டு 1-ஆம் தேதி வைத்துக்கொள்ளலாம். குலை அதிகமாக வரும் மாதங்கள் நெருங்குகின்றன, உங்கள் வசதிதான் முக்கியம். மண்டபத்துக்கு விண்ணப்பிக்க வேண்டியிருப்பதால் ஜூன் 26-க்குள் இந்த மின்னஞ்சலுக்கே இரண்டு வரி பதில் போட்டால் போதும்.

நன்றி, ஐயா.

அன்புடன்,
சுகன்யா
செயலாளர், இந்திய மாணவர் கழகம்

பின்குறிப்பு: மார்ச் மாதம் நீங்கள் கொடுத்த பாதுகாப்புத் தொப்பிகளில் ஒன்று எங்கள் பேருந்திலேயே வந்துவிட்டது. மஞ்சள் நிறம், உள்பட்டை கொஞ்சம் கிழிந்தது. துடைத்துப் பத்திரமாக வைத்திருக்கிறோம். நீங்கள் வர முடியாமல் போனாலும் அதை ஆலையில் கொண்டுவந்து கொடுத்துவிடுகிறோம்.