நாளைக்கு டாக்டரிடம்: அம்மாவின் பத்து நிமிடம்

அம்மா, நீ காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதி வைத்ததை அப்படியே கீழே எடுத்தெழுதியிருக்கிறேன்.

"முட்டி வலி. தூக்கம் இல்லை. கால் வீக்கம், செருப்பு போட முடியல. சத்து மாத்திரை சாப்பிடலாமா? பேரெல்லாம் மறந்து போகுது. பாதம் மரத்துப் போகுது. மாடி ஏறினா நெஞ்சு இறுக்குது, நின்னா சரியாயிடுது. எழுந்தா தலை சுத்துது. இன்சூரன்ஸ் பாரம் கையெழுத்து."

ஏழாவதாக, மற்றதோடு மற்றதாக நெஞ்சை எழுதியிருக்கிறாய்! அதைப் படித்ததும் கிளினிக்குக்குப் போன் செய்தேன். அடுத்த வாரம் இருந்த நேரத்தை நாளைக் காலை 10:40க்கு மாற்றிக் கொடுத்தார்கள். இதற்கு நடுவில் உட்கார்ந்திருக்கும்போதே இறுக்கினாலோ, நின்ற பிறகும் விடாவிட்டாலோ, நாளை வரை காத்திருக்காதே. ஆம்புலன்ஸைக் கூப்பிடு, பிறகு என்னை.

டாக்டரிடம் சொல்லும் வரிசை:

1. நெஞ்சு இறுக்கம். உட்கார்ந்ததும் முதல் பேச்சு இதுதான், பாதி நேரம் இதற்கே. மூன்று வாரமாக இருக்கிறது. இரண்டாவது மாடிக்கு ஏறும்போது வருகிறது, நின்றால் இரண்டு மூன்று நிமிடத்தில் அடங்குகிறது. இடது தோள் வரை இழுக்கிறது. சர்க்கரை 14 வருடமாக. "வாயுவாத்தான் இருக்கும்" என்று நீயே முடிவு சொல்லாதே. நடந்ததை மட்டும் சொல். கேட்க வேண்டியது: ஈசிஜி இப்போதே எடுப்பீர்களா? அதுவரை மாடி ஏறலாமா?

2. மாத்திரைகள். முட்டி, வீக்கம், தலைசுற்றல் மூன்றையும் இதில் சேர்த்துவிட்டேன். பிரஷர் மாத்திரை அம்லோடிபின் 5 மில்லிகிராமை 10 ஆக்கி இரண்டு மாதம் ஆகிறது, வீக்கம் அதற்குப் பிறகுதான் தொடங்கியது. அந்த மாத்திரையால் கால் வீங்குவது உண்டு. முட்டிக்காக நீயே வாங்கி தினம் இரண்டு போடும் இபுப்ரோஃபென் டாக்டருக்குத் தெரியாது. அது பிரஷரை ஏற்றும், சிறுநீரகத்துக்கும் நல்லதில்லை, நெஞ்சு இறுக்கம் இருக்கும்போது இன்னும் முக்கியம். கோபித்துக்கொள்வார் என்று மறைக்காதே. தலைசுற்றலுக்கு, படுத்தும் நின்றும் பிரஷர் பார்க்கச் சொல்லிக் கேட்போம்.

3. பாதம் மரத்துப் போவது. செருப்பைக் கழற்றிப் பாதத்தைக் காட்டு. சர்க்கரை மாத்திரை மெட்ஃபார்மின் பல வருடம் சாப்பிட்டால் பி12 வைட்டமின் குறையலாம். ரத்தத்தில் பார்க்கலாமா என்று கேட்போம். உன் சத்து மாத்திரைக் கேள்விக்கும் பதில் அதிலேயே வந்துவிடும்.

தூக்கமும் மறதியும் நாளைக்கு வேண்டாம். கிளம்பும்போது "இன்னும் இரண்டு இருக்கிறது, எப்போது வரலாம்?" என்று நான் கேட்டுக்கொள்கிறேன். பாரத்தை டாக்டரிடம் நீட்டாதே, கவுன்டரில் கொடுத்தால் போதும்.

மாத்திரை அட்டைகள் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு வை. தலையணைக்கு அடியில் இருப்பதையும்தான்.