ஐகாரத்தைக் கைவிடுவது பற்றி

மதிப்பிற்குரிய ஆசிரியர் ஐயா அவர்களுக்கு,

வணக்கம். ஐ, ஔ ஆகிய இரண்டையும் நெடுங்கணக்கிலிருந்து நீக்கி, எல்லா இடத்திலும் ‘அய்’, ‘அவ்’ என்றே எழுதலாம் என்று சென்ற ஞாயிறன்று தங்கள் நாளிதழில் ஒரு கட்டுரை வாதிட்டிருந்தது. பெரியார் முன்வைத்த யோசனைதான் இது; அவருடைய எழுத்துச் சீர்திருத்தத்தை 1978இல் ஏற்ற தமிழ்நாடு அரசு இந்தப் பகுதியை மட்டும் தொடவில்லை.

ஒலியை அளவுகோலாகக் கொண்டால், சொல்லின் முதலில் கட்டுரையாளர் சொல்வது சரி. ஐயா என்றாலும் அய்யா என்றாலும் காதுக்கு ஒன்றுதான். ‘அகரத் திம்பர் யகரப் புள்ளியும்’ ஐகாரமாய்த் தோன்றும் என்று தொல்காப்பியமே சொல்கிறது. ஆனால் நாம் எழுதும் ஐகாரங்களில் மிகப் பெரும்பாலானவை சொல்லின் நடுவிலும் கடைசியிலும் வருபவை. அங்கே அது ஒரு மாத்திரையாகக் குறுகி, பேச்சில் ‘தல’, ‘வெல’ என்று யகரத்தின் சாயலே இல்லாமல் தேய்ந்துபோகிறது. ‘தலய்’ என்று எழுதினால், ஒலிக்காத மெய் ஒன்றைப் புதிதாகக் கொண்டுவந்து வைத்ததாகும். இரண்டாம் வேற்றுமை உருபும் ஐ என்பதால், ‘விலையைக் குறைத்தார்’ என்பது ‘விலயய்க் குறய்த்தார்’ ஆகிவிடும். புணர்ச்சியிலும் சிக்கல் உண்டு: தனிக்குறிலை அடுத்த ஒற்று இரட்டும் என்பதால் கையில் ‘கய்யில்’ ஆகும், தலையிலோ ‘தலயில்’ என்றே நிற்கும். இன்று ஒரே மாதிரி எழுதுவதை இரண்டு மாதிரி எழுத நேரும்.

வாசகர் பழக்கத்துக்கு வருகிறேன். 1978இல் நான் ஓர் அச்சகத்தில் எழுத்துக் கோப்பவனாக இருந்தேன். துதிக்கை தூக்கிய பழைய லை, னை அச்சுகளை அறையிலிருந்து பொறுக்கி எடுத்து ஒதுக்கியது நினைவிருக்கிறது. மாறிய 13 எழுத்துகளிலும் வடிவம்தான் மாறியது. சொல்லின் எழுத்துக்கூட்டு மாறவில்லை. அதனால் பழைய வாசகர்கள் முதல் பக்கத்தில் சற்றே முகம் சுளித்துவிட்டு மேலே படித்தார்கள். இப்போதைய யோசனை சொல்லையே கலைக்கிறது. அகராதியில் ஐ வரிசை முழுவதும் அகரத்துக்குள் போகும். இதுவரை கணினியில் ஏற்றப்பட்ட நூல்களில் ‘விலய்’ என்று தேடுபவருக்கு ‘விலை’ கிடைக்காது.

ஔகாரத்தில் எனக்கு அவ்வளவு பிடிவாதமில்லை. அது வரும் சொற்கள் சில; ஔவையை ‘ஒ’, ‘ள’ என்று இரண்டு எழுத்தாகத் தட்டச்சு செய்து அனுப்பியவர்களின் படிகளைத் திருத்தியே எனக்குக் கண் பூத்திருக்கிறது. அவ்வை என்று எழுதுவது அதைவிட மேல்.

ஆகவே, சொல்லின் முதலில் ஐயா, அய்யா இரண்டையும் எழுதுபவர் விருப்பத்துக்கு விட்டு, நடுவிலும் இறுதியிலும் ஐகாரத்தை இப்போதுள்ளபடியே அச்சிடுமாறு தங்கள் ஆசிரியர் குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மெய்ப்புத் திருத்துநர்,
விருதுநகர்.