பொருள்: ஓகஸ்ட் 3 அன்று வேலையில் சேர்வதற்கான ஆவணங்கள், சேவைக் கடிதம் தாமதம்

வணக்கம் மிஸ்,

நேற்றுத் தொலைபேசியில் நீங்கள் சொன்ன ஆவணங்களை அவசரத்தில் ஒரு துண்டில் குறித்துவைத்தேன். திங்கட்கிழமை கிளிநொச்சியில் இருந்து வவுனியா வந்த பிறகு ஒன்று குறைகிறது என்று ஆகிவிடக் கூடாது. அதனால்தான் எழுதிக் கேட்கிறேன்.

அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், உயர்தரச் சான்றிதழ், வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கம், கடைசி மூன்று மாதச் சம்பளச் சீட்டு, பழைய நிறுவனத்தின் சேவைக் கடிதம், கிராம அலுவலர் சான்றிதழ். நான் குறித்தவை இவைதான். விட்டது ஏதும் உண்டா? பிரதிகளைச் சமாதான நீதவானிடம் உறுதிப்படுத்த வேண்டுமா, அல்லது மூலத்தைக் காட்டினால் போதுமா? கிராம அலுவலர் சான்றிதழில் கரைச்சி பிரதேச செயலகத்தின் மேலொப்பமும் வாங்கிவிட்டேன்.

சாதாரணதரச் சான்றிதழையும் கேட்பீர்கள் என்றால் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். அதன் மூலப்பிரதி 2009 இடப்பெயர்வில் தொலைந்துவிட்டது. பரீட்சைத் திணைக்களத்தில் பெற்ற பெறுபேற்றுப் பத்திரம்தான் என்னிடம் இருக்கிறது.

இப்போது சிக்கல் சேவைக் கடிதத்தில்தான். ஒரு மாத முன்னறிவித்தல் கொடுத்து, பொறுப்புகளை ஒப்படைத்து, யூலை 24 அன்று முறைப்படி விலகினேன். கடிதத்தில் கொழும்புத் தலைமை அலுவலகத்தில் ஒருவர் கையெழுத்திட வேண்டும். அவர் லீவில் இருக்கிறார், ஓகஸ்ட் 5 அன்றுதான் வருவாராம். கையெழுத்தாகித் தபாலில் வந்து சேர 12ஆம் திகதி ஆகலாம். இரண்டு முறை நேரில் போய்க் கேட்டேன், அவர்கள் மறுக்கவில்லை, தாமதம் மட்டும்தான்.

அதுவரை இவற்றைத் தரமுடியும்: பெற்றுக்கொண்ட முத்திரையுடன் என் விலகல் கடிதம், விலகலை ஏற்றதாக முகாமையாளர் அனுப்பிய மின்னஞ்சல், ஏப்ரல், மே, யூன் சம்பளச் சீட்டுகள். சீட்டுகளில் ஊழியர் சேமலாப நிதி இலக்கமும், என் 8 வீதமும் நிறுவனத்தின் 12 வீதமும் பதிவாகி இருக்கின்றன. நான் அங்கே வேலை செய்ததற்கு அதுவே நல்ல சாட்சி என்று நினைக்கிறேன். யூலைச் சீட்டு கடைசிக் கணக்கு முடிந்த பிறகுதான் கிடைக்கும்.

இவற்றை வைத்து 3ஆம் திகதியே சேர அனுமதிப்பீர்களா, மிஸ்? 14ஆம் திகதிக்குள் சேவைக் கடிதத்தைத் தருவேன் என்று எழுதிக் கையெழுத்திட்டுத் தருகிறேன். உங்களுக்கு உறுதி தேவைப்பட்டால் பழைய முகாமையாளரிடம் நேரடியாகப் பேசலாம், அவரிடம் கேட்டுச் சம்மதம் வாங்கியிருக்கிறேன். கடிதம் கையில் இல்லாமல் சேர்க்கவே முடியாது என்பது உங்கள் விதி என்றால், சேரும் நாளை 17ஆம் திகதிக்கு மாற்றித் தாருங்கள். இந்த வேலை எனக்கு மிகவும் முக்கியம்.

வவுனியாவில் அறை பார்த்து முற்பணம் கொடுக்க வேண்டியிருப்பதால், வியாழக்கிழமைக்குள் ஒரு பதில் போட்டால் பெரிய உதவியாக இருக்கும். சம்பளச் சீட்டுகளையும் விலகல் கடிதத்தையும் இத்துடன் இணைத்திருக்கிறேன்.

நன்றி மிஸ்.

இப்படிக்கு,
சுகந்தி
கணக்கு உதவியாளர் பதவிக்குத் தெரிவானவர்
கிளிநொச்சி, 28.07.2026