பித்தப்பை ஆபரேஷன் ஒப்புதல் படிவம், தமிழில்

அம்மா, வியாழக்கிழமை காலை ஆபரேஷனுக்கு முன்னால் நீ கையெழுத்துப் போட வேண்டிய படிவம் இது. பயமுறுத்தும் வரிகள் உட்பட எதையும் விடாமல் எழுதியிருக்கிறேன். அடைப்புக்குறிக்குள் இருப்பது நான் சேர்த்தது, படிவத்தில் கிடையாது. கையெழுத்து அசல் படிவத்தில்தான் போட வேண்டும். இது நீ படித்துப் புரிந்துகொள்ள.

படிவம்

என் பித்தப்பையில் கற்கள் இருப்பதாலும், அதனால் அடிக்கடி வலி வருவதாலும், லேப்ராஸ்கோபி முறையில் பித்தப்பையை அகற்றச் சம்மதிக்கிறேன். (கற்களை மட்டும் எடுப்பதில்லை, பையையே எடுத்துவிடுவார்கள். பையை விட்டுவைத்தால் மறுபடி கல் சேரும். பித்தநீரைச் சுரப்பது கல்லீரல்தான், பை அதைச் சேமித்து மட்டும் வைக்கிறது. அதனால் பை இல்லாமலும் சாப்பாடு செரிக்கும்.)

முழு மயக்கம் கொடுத்த பிறகு, வயிற்றில் சிறிய துளைகள் போட்டு, கார்பன் டை ஆக்சைடு வாயுவைச் செலுத்தி, கேமரா வழியாகப் பார்த்துச் செய்வார்கள் என்று எனக்கு விளக்கப்பட்டது. (வழக்கமாக நான்கு துளைகள். அந்த வாயுவால் இரண்டு மூன்று நாள் தோள்பட்டையில் வலி இருக்கலாம். நெஞ்சுவலியோ என்று பயந்துவிடாதே. ஆனால் மூச்சு வாங்கினால் உடனே சொல்.)

ரத்தக்கசிவு, புண்ணில் சீழ் பிடித்தல், பித்தநீர் கசிதல், பித்தநாளத்திலோ குடலிலோ காயம், பித்தநாளத்தில் கல் தங்கிவிடுதல், காலில் ரத்தம் உறைதல், மயக்க மருந்தால் வரும் சிக்கல்கள் ஆகியவை ஏற்படக்கூடும் என அறிவேன். மிக அரிதாக உயிருக்கும் ஆபத்து நேரலாம். (இந்த வரியை எழுதும்போது எனக்கும் கை நின்றது. எல்லாம் ஒரே வரியில் இருப்பதால் எல்லாம் ஒரே அளவு நடக்கும் என்று தோன்றும். அப்படி இல்லை. பித்தநாளம் என்பது பித்தநீரைக் குடலுக்குக் கொண்டுபோகும் குழாய். அதில் படும் காயம்தான் டாக்டர்கள் அதிகம் அஞ்சுவது. அது 1000 பேரில் சுமார் 3 முதல் 5 பேருக்கு நேர்கிறது.)

தேவைப்பட்டால் வயிற்றைப் பெரிதாகக் கீறிச் செய்யவும் சம்மதிக்கிறேன். (முதலில் 'திறந்த முறைக்கு மாற்றுதல்' என்று எழுதி அடித்துவிட்டேன், அது உனக்கு ஒன்றும் சொல்லியிருக்காது. உள்ளே ஒட்டிப்போய் வழி சரியாகத் தெரியாவிட்டால் இப்படிச் செய்வார்கள். அது ஆபரேஷன் கெட்டுப்போனதாக அர்த்தமில்லை, பத்திரமாக முடிக்கத்தான்.)

அவசியம் என்று மருத்துவர் கருதும் வேறு சிகிச்சைகளையும், ரத்தம் ஏற்றுவதையும் அனுமதிக்கிறேன். அகற்றிய பித்தப்பையைப் பரிசோதனைக்கு அனுப்பலாம்.

மாற்று வழிகள் எனக்கு விளக்கப்பட்டன. என் கேள்விகளுக்குப் பதில் கிடைத்தது. ஆபரேஷன் தொடங்கும் முன் எப்போது வேண்டுமானாலும் இந்தச் சம்மதத்தைத் திரும்பப் பெறலாம் என அறிவேன்.

(கடைசிப் பத்தி இன்னும் உண்மையாகவில்லை அம்மா. ஸ்கேன் பார்த்த அன்று ஐந்து நிமிடம்தான் பேசினார்கள், மாற்று வழி பற்றி யாரும் சொல்லவில்லை. கீழே உள்ளதைக் கேட்டுவிட்டு அப்புறம் கையெழுத்துப் போடு.)

டாக்டரிடம் கேட்க வேண்டியவை

1. இப்போது செய்யாமல் சில மாதம் தள்ளிப்போட்டால் என்ன ஆகும்? அதுவரை வலி வந்தால் என்ன செய்வது?

2. பித்தநாளத்திலும் கல் இருக்கிறதா? எப்படிப் பார்த்தீர்கள்? அங்கே இருந்தால் அதை எடுக்கத் தனிச் சிகிச்சையா?

3. நான் தினமும் ஆஸ்பிரினும் சர்க்கரைக்கு மெட்ஃபார்மினும் சாப்பிடுகிறேன். எதை, எந்த நாளிலிருந்து நிறுத்த வேண்டும்? மறுபடி எப்போது தொடங்க வேண்டும்? (அம்மா, மாத்திரை அட்டைகளையே எடுத்துப்போய்க் காட்டு. நீயாக எதையும் நிறுத்தாதே. பல் பிடுங்கியபோது ஊசி போட்டு உடம்பெல்லாம் தடித்ததே, அதையும் மயக்க மருந்து டாக்டரிடம் சொல்.)

4. ஆபரேஷன் செய்யப்போவது நீங்களா, வேறு யாராவதா?

5. 'வேறு சிகிச்சைகள்' என்றால் எவை? என்னைக் கேட்காமல் எதைச் செய்வீர்கள், எதற்கு நான் விழிக்கும்வரை காத்திருப்பீர்கள்? (இதை விடாமல் கேள். படிவத்திலேயே எதை வேண்டுமானாலும் உள்ளே அடக்கிவிடும் வரி அதுதான்.)

6. சாப்பாட்டையும் தண்ணீரையும் எத்தனை மணிக்கு நிறுத்த வேண்டும்? வெறும் வயிற்றில் சர்க்கரை இறங்கினால் என்ன செய்வது?

7. வீட்டுக்குப் போன பிறகு எதைப் பார்த்தால் உடனே திரும்பி வர வேண்டும்? ராத்திரியில் எந்த நம்பருக்குக் கூப்பிட வேண்டும்? (காய்ச்சல், கண் மஞ்சளாவது, குறையாமல் கூடிக்கொண்டே போகும் வயிற்றுவலி, இந்த மூன்றும் வந்தால் விடியும்வரை காத்திருக்கக் கூடாது.)

8. எப்போதிலிருந்து குளிக்கலாம், பாரம் தூக்கலாம்? பரிசோதனை முடிவு எப்போது வரும்?

பதில்களை நான் பக்கத்தில் உட்கார்ந்து எழுதிக்கொள்கிறேன். டாக்டர் வேகமாகப் பேசினால் 'இன்னொரு தடவை சொல்லுங்க' என்று சொல், நேரமாகிறதே என்று யோசிக்காதே. புதன் சாயங்காலம் நான்கு மணிக்கு வந்து உன்னைக் கூட்டிப்போகிறேன். மூக்குக்கண்ணாடியை மறந்துவிடாதே.